எட்டு முறை உட்கார்ந்து எழுதல்

வியாழக்கிழமை காலை ஆறு மணி நாற்பத்திரண்டு நிமிடம். கைபேசித் திரையில் ஒரு பிளாஸ்டிக் மக்கின் படம். அதன் அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு அடர் பழுப்பில் ஏதோ இருந்தது. டிகாக்‌ஷன் என்றுதான் நினைத்தேன். படத்துக்குக் கீழே ஒரு வரி: "டாக்டர், காலைலேர்ந்து யூரின் இந்தக் கலர்ல போகுது. சூடா?"

மூன்று நிமிடம் கழித்துப் படம் மறைந்தது. செய்தி நீக்கப்பட்டது என்ற அறிவிப்பு மட்டும் நின்றது. டாக்டருக்குத் தனியாக அனுப்ப வேண்டியதை அவர் குழுவில் போட்டுவிட்டார்.

ஒரு வீடியோவுக்காகத் தொடங்கிய வாட்ஸ்அப் குழு அது. நான்கே பேர். இதுவரை உடற்பயிற்சியே செய்யாதவர்கள் வீட்டில் செய்யக்கூடிய பத்து நிமிடப் பயிற்சியைத் தமிழில் சொல்லும் வீடியோ. ஸ்கிரிப்ட் எழுதியது நான். இருபத்திரண்டு வருடம் ஒரு நாளிதழின் டெஸ்க்கில் இருந்துவிட்டு இப்போது இந்த மாதிரி வேலைகள் செய்கிறேன். பயிற்சியை வகுத்து அதைக் குரலில் சொன்னவர் ஆஸ்டின் டவுனில் கிளினிக் வைத்திருக்கும் பிசியோதெரபிஸ்ட். படம் பிடித்தது, இயக்கியது, எடிட் செய்வது எல்லாம் முப்பது வயது இளைஞர் ஒருவர். நான்காவது ஆள், பயிற்சியைச் செய்து காட்டியவர். பிசியோதெரபிஸ்டின் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் இருப்பவர். வயது நாற்பத்தொன்று. படத்தை அனுப்பியது அவர்.

ஆறு ஐம்பதுக்கு பிசியோதெரபிஸ்ட் கூப்பிட்டார். குரல் நடுங்கியது. அவர் குரல் நடுங்கி நான் கேட்டதில்லை.

"படத்தப் பாத்தீங்களா?"

"பாத்தேன். என்னது அது?"

"அப்புறம் சொல்றேன். அவ வீடு உங்களுக்கு ரெண்டு தெரு தள்ளித்தானே? உடனே எமர்ஜென்சிக்குக் கூட்டிட்டு வாங்க. நான் காக்ஸ் டவுன்லேர்ந்து நேரா வந்துடறேன். கிளினிக் திறக்கட்டும், அப்புறம் பாக்கலாம்னு சொல்லுவா. கேக்காதீங்க."

வரவேற்புப் பெண்ணின் வீடு மாடியில். கணவர் சந்தாபுராவில் தொழிற்சாலை வேலை, ஷிஃப்ட் முடிந்து வந்திருக்கவில்லை. கதவைத் திறந்தவர் நிலையைப் பிடித்தபடியே நின்றார். நைட்டிக்கு மேல் துப்பட்டா. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. காலை எடுத்து வைத்தபோதுதான் தெரிந்தது. முழங்கால் மடங்கவில்லை. இரண்டு கட்டையை மாற்றி மாற்றி வைப்பது போல நடந்தார்.

"எப்பேர்ந்து இப்படி?"

"நேத்துலேர்ந்து. பழக்கமில்லாத உடம்பு, வலிக்கத்தானே செய்யும்? மெடிக்கல்ல சொல்லி வலி மாத்திரை வாங்கிப் போட்டேன். மூணு போட்டேன் அக்கா, ஒண்ணும் கேக்கல." படி வாசலுக்கு வந்ததும் நின்றார். "உக்கார எழுந்திரிக்க அவ்ளோ எழுதினீங்களே, படி இறங்கறதுக்கு ஒரு வரி எழுதி வச்சிருக்கக் கூடாதா?"

சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு, பின்பக்கமாகத் திரும்பி, ஏணியில் இறங்குவது போல ஒவ்வொரு படியாக இறங்கினார். பதினான்கு படிக்கு ஆறு நிமிடம் ஆனது. ஆட்டோவில் ஏற்றும்போது அவர் தொடையைப் பிடித்துத் தூக்க வேண்டியிருந்தது. தொடை வீங்கி, மரம் போல இறுகியிருந்தது. பயம் எனக்குத் தொடங்கியது அப்போதுதான்.

அந்த ஸ்கிரிப்ட்டைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அதை எழுதியதில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது.

வீடியோவுக்கு ஆதரவு தந்தது உடற்பயிற்சிப் பாய் விற்கும் ஒரு கடை. 'பதினைந்தே நாளில் தொப்பை காணாமல் போகும்' என்று தலைப்பு வைக்கச் சொன்னார்கள். பிசியோதெரபிஸ்ட் மாட்டேன் என்றார். பத்து நிமிடம் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தால் தொப்பை எங்கும் போகாது என்று அவர்களிடம் நேராகவே சொன்னார். நான் எழுதிய முதல் வடிவத்தில் 'புத்துணர்ச்சி' என்று ஒரு சொல் இருந்தது. அதையும் அடித்தார். கடைசியில் நின்ற வாக்கியம் இது: "தொடர்ந்து செய்தால் உட்காருவதும் எழுவதும் கொஞ்சம் சுலபமாகலாம். அதற்குச் சில வாரங்கள் ஆகும். ஆளுக்கு ஆள் மாறும்." கடைக்காரர்கள் முகம் சுளித்தார்கள். ஆனாலும் ஒத்துக்கொண்டார்கள்.

எச்சரிக்கைகள் செய்தித்தாள் பெட்டிச் செய்தி போலக் கடைசியில் வரும்படி எழுதியிருந்தேன். கடைசி வரை யார் பார்ப்பார்கள் என்று கேட்டு அவற்றை முதலுக்குக் கொண்டுவரச் சொன்னார் பிசியோதெரபிஸ்ட். இதய நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம், கர்ப்பம், சமீபத்தில் அறுவை சிகிச்சை என்று இருந்தால் முதலில் மருத்துவரைக் கேளுங்கள். நெஞ்சில் வலி, அழுத்தம், மயக்கம் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள், உடனே உதவிக்குக் கூப்பிடுங்கள். அதன் பிறகுதான் நாற்காலி. சக்கரம் இல்லாத நாற்காலி, முதுகு சுவரில் முட்டியபடி. பாதங்கள் இடுப்பு அகலத்துக்கு. முழங்கால் கால்விரல் பார்க்கும் திசையையே பார்க்கட்டும். எழும்போது மூச்சை விடுங்கள், எப்போதும் அடக்காதீர்கள். உட்காரும்போது தொப்பென்று விழாமல் மூன்று எண்ணும் நேரம் எடுத்து மெல்ல இறங்குங்கள். எட்டு முறை. ஒரு நிமிடம் ஓய்வு. மறுபடி எட்டு. எட்டு முடியாவிட்டால் ஐந்து போதும். மறுநாள் விட்டு அடுத்த நாள் செய்யுங்கள்.

அளவுக்கு ஒரு சோதனையும் எழுதியிருந்தோம். செய்துகொண்டே பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். வாக்கியம் நடுவில் மூச்சு முட்டி உடைந்தால் வேகத்தைக் குறையுங்கள்.

செய்து காட்ட உடற்பயிற்சிக்கூடத்து ஆள் வேண்டாம் என்று சொன்னது நான். கட்டுமஸ்தான ஆள் செய்தால் பார்ப்பவர்கள் இது நமக்கில்லை என்று நினைப்பார்கள். உண்மையிலேயே பழக்கமில்லாத ஒருவர் வேண்டும். பிசியோதெரபிஸ்டுக்கு அது பிடித்திருந்தது. தன் வரவேற்பு மேசையைப் பார்த்தார். அங்கே எட்டு மணி நேரம் உட்கார்ந்தே இருக்கும் ஒருவர் இருந்தார். ரத்த அழுத்தம் பார்த்தார், முழங்கால் சோதித்தார், பழைய நோய்கள் கேட்டார். எல்லாம் சரியாக இருந்தது.

"டிவில வருவேனா டாக்டர்?" என்று அவர் கேட்டாராம்.

"யூட்யூப்ல."

"அப்போ ஊர்ல எல்லாரும் பாப்பாங்க. புது சுடிதார் தைக்கணும்."

படப்பிடிப்பு செவ்வாய்க்கிழமை, காக்ஸ் டவுனில் ஒரு பழைய வீட்டின் மேல்தளத்தில். மின்விசிறிச் சத்தம் ஒலிப்பதிவில் விழும் என்று அணைத்தாயிற்று. தெருச் சத்தத்துக்காக ஜன்னல்களும் மூடியாயிற்று. மூன்று விளக்குகள். டேக் ஷீட் எழுதுவது என் வேலை. எந்தக் கோணம், எத்தனையாவது டேக், ஏன் நிறுத்தினோம் என்பதை ஒவ்வொரு வரியாகக் குறிக்க வேண்டும். எண்களைக் குறிப்பது எனக்குப் பழகிய வேலை. தலைப்பில் ஏழு பேர் என்றும் செய்தியில் ஆறு பேர் என்றும் வந்தால் நடுராத்திரியில் அச்சை நிறுத்தியவள் நான்.

பிசியோதெரபிஸ்ட் கேமராவில் விழாதபடி பக்கத்தில் நின்று ஸ்கிரிப்ட்டைப் பேசுவார். அவர் எண்ண எண்ண வரவேற்புப் பெண் உட்கார்ந்து எழுவார். முன்கோணத்தில் முதல் டேக் நன்றாக வந்தது. எட்டு முறையும் முடியும் நேரத்தில் கீழே தள்ளுவண்டிக்காரர் ஒலிபெருக்கியில் தக்காளி விலையைக் கன்னடத்தில் சொன்னார். மறுபடி. அடுத்ததில் பிசியோதெரபிஸ்ட் ஒரு வார்த்தையில் தடுமாறினார். மறுபடி. பிறகு பக்கவாட்டுக் கோணம். பிறகு முழங்கால் மட்டும் நெருக்கமாக. ஒவ்வொரு கோணத்துக்கும் முதலிலிருந்து எட்டு.

"அக்கா, இன்னொரு தடவ. இதான் கடைசி," என்பார் இயக்குநர்.

"நீ காலைலேர்ந்து கடைசின்னுதான் சொல்ற தம்பி. ஒன்ன நம்பி யாரு பொண்ணு குடுப்பா?"

"சிரிச்ச முகமா இருங்க அக்கா, அது போதும். பேசாதீங்க, மைக் எடுக்கும்."

அவர் சிரித்த முகமாக இருந்தார். நெற்றி வேர்த்தது. டிஷ்யூவால் ஒற்றினோம். இடைவெளிகளில் நாற்காலி நகர்ந்துவிடக் கூடாது என்று தரையில் டேப் ஒட்டியிருந்ததால் அவர் அதில் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார். தண்ணீர் பாட்டில் மேசைமேல் இருந்தது. கழிவறை கீழே வீட்டுக்காரர் பக்கம். அடிக்கடி போக வெட்கப்பட்டு, இரண்டு மடக்குக்கு மேல் அவர் குடிக்கவில்லை. பத்து இருபதுக்கு ஆரம்பித்த நாற்காலிப் பகுதி ஒன்று பத்துக்கு முடிந்தது. சம்பளம் கொடுப்பவர் பக்கத்தில் நின்று எண்ணிக்கொண்டிருக்கும்போது முடியவில்லை என்று எந்த வரவேற்புப் பெண்ணும் சொல்ல மாட்டார். அன்று எனக்கு அது தோன்றவில்லை.

மறுபடி அந்த வியாழக்கிழமை. மருத்துவமனை அவசரப் பிரிவில் இருந்த இளம் மருத்துவர் முதலில் கேட்டது, ஜிம்முக்குப் போனீர்களா என்று.

"இல்ல டாக்டர். வீட்லயே செய்ற சின்ன எக்ஸர்சைஸ்தான். ஷூட்டிங்."

"எவ்வளவு செஞ்சீங்க?"

"எட்டு எட்டாதான் டாக்டர்."

பிசியோதெரபிஸ்ட் அதற்குள் வந்துவிட்டார். "நாற்காலில உக்காந்து எழுந்திரிக்கறது. பதினாறு தடவ. நான்தான் பிளான் பண்ணேன்," என்றார். அவர் கையில் ஸ்கிரிப்ட்டின் பிரதிகூட இருந்தது.

மருத்துவர் தாளைப் பார்த்தார். "பதினாறுக்கு இப்படி ஆகாது மேடம்." வேறு காரணம் தேட ஆரம்பித்தார். காய்ச்சல் இருந்ததா, வலிப்பு வந்ததா, கீழே விழுந்தீர்களா, கொழுப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா, வேறு என்ன மருந்து. வலி மாத்திரையைச் சொன்னதும் எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. "இனிமே அத தொடாதீங்க. கிட்னிக்கு இன்னும் சுமை." ரத்தம் எடுத்தார்கள். ஈசிஜி எடுத்தார்கள். சலைன் ஏற்றினார்கள். பயிற்சி மேல் சந்தேகமே இல்லாமல் நாங்கள் இருவரும் நின்றுகொண்டிருந்தோம்.

டேக் ஷீட் என் பையில் இருந்தது. எடிட்டுக்குக் கொடுக்க வேண்டியது, கொடுக்கவில்லை. வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அதை எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. கை சும்மா இருக்கவில்லை. அவ்வளவுதான்.

முன்கோணம், முழு டேக் ஆறு. பக்கவாட்டு, ஏழு. முழங்கால், ஐந்து. பதினெட்டு டேக், ஒவ்வொன்றிலும் எட்டு. நூற்று நாற்பத்து நான்கு. ஒத்திகை இரண்டு, பதினாறு. பாதியில் வெட்டியவை ஒன்பது. எந்த எண்ணில் வெட்டினோம் என்பதையும் என் கையெழுத்திலேயே குறித்திருந்தேன்: மூன்று, ஐந்து, இரண்டு, ஆறு, ஏழு, நான்கு, ஒன்று, ஆறு, ஐந்து. முப்பத்தொன்பது.

நூற்றுத் தொண்ணூற்றொன்பது.

மறுபடி கூட்டினேன். அதே எண்தான். செவ்வாய்க்கிழமை முழுக்க அந்த எண்கள் என் பேனாவிலிருந்துதான் இறங்கின. ஒரு தடவைகூட அந்தப் பத்தியை நான் கூட்டிப் பார்க்கவில்லை. எட்டு என்பது ஸ்கிரிப்ட்டில் இருந்தது, ஸ்கிரிப்ட் பாதுகாப்பானது, எங்களுக்கு அது போதுமாக இருந்திருக்கிறது.

பிசியோதெரபிஸ்டிடம் தாளை நீட்டினேன். அவர் எண்ணைப் படித்தார். உட்கார இடம் தேடுவது போலச் சுற்றிப் பார்த்தார். ஆனால் உட்காரவில்லை.

"மூணு எண்ணி மெதுவா எறங்கச் சொன்னோமே," என்றார்.

"அதனால என்ன?"

"மெதுவா எறங்கறப்போதான் தொடைத் தசை இழுபட்டுக்கிட்டே வேலை செய்யும். எட்டு தடவைன்னா அதான் சேஃப். இருநூறு தடவைன்னா..." தாளை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "நான் பக்கத்துல நின்னு எண்ணிட்டு இருந்தேன்," என்றார். "ஒவ்வொரு தடவையும் ஒண்ணுலேர்ந்து எண்ணினேன்."

மருத்துவரிடம் எண்ணைச் சொன்னோம். அவர் அதைக் குறித்துக்கொண்டார். பத்து நிமிடத்தில் ரத்தப் பரிசோதனை முடிவும் வந்தது. தசை சிதைந்தால் ரத்தத்தில் ஏறும் பொருள், இருக்க வேண்டிய அளவைவிட நூறு மடங்குக்கு மேல். தசை உடைந்து கரைந்து ரத்தத்தில் சேர்கிறது, சிறுநீரகம் அதை வடிகட்டப் பார்க்கிறது, மக்கில் பார்த்த நிறம் அதுதான் என்று விளக்கினார். சிறுநீரகம் தாங்குமா என்பது மூன்று நான்கு நாளில் தெரியும். தாங்காவிட்டால் கொஞ்ச காலம் டயாலிசிஸ் வேண்டிவரலாம்.

அந்தச் சொல்லைத் திரைக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தவர் கேட்டுவிட்டார்.

"அக்கா," என்று கூப்பிட்டார். போனேன். "டயாலிசிஸ்னா வாரத்துக்கு ரெண்டு வாட்டி போவாங்களே, அதா?"

"தேவைப்பட்டாதான். தேவைப்படாதுன்னுதான் பாக்கறாங்க."

"உக்காந்து எழுந்ததுக்கா?"

போர்வையை அவர் காலுக்கு இழுத்து விட்டேன்.

"செவ்வாய்க்கிழம நடுவுலயே தொடை நடுங்குச்சு. ஸ்கிரிப்ட்ல முடியலன்னா நிறுத்துங்கன்னு டாக்டர் சொல்லிட்டே இருந்தாங்க. அது பாக்கறவங்களுக்குன்னு நெனச்சேன்."

இயக்குநர் பதினொரு மணிக்கு வந்தார். தாளைக் காட்டியதும் அவர் முகம் வெளுத்தது. போய் இளநீர் வாங்கிவந்தார். செவிலியர், "அதெல்லாம் குடுக்கக் கூடாது, ரத்தத்துல பொட்டாசியம் ஏறிடும்," என்று வாசலிலேயே நிறுத்தினார். இளநீர்களைப் பையோடு பிடித்துக்கொண்டு மதியம் வரை வராந்தாவில் நின்றார்.

வெள்ளிக்கிழமை, சிறுநீரகம் வடிகட்டாமல் விட்ட கழிவின் அளவு ரத்தத்தில் ஏறியது. சனிக்கிழமை இன்னும் கொஞ்சம் ஏறியது. மணிக்கு ஒரு தரம் சிறுநீரை அளந்து எழுதினார்கள். படுக்கைக்குக் கீழே தொங்கும் பையின் நிறத்தைப் பார்க்கத்தான் நாங்கள் மாறி மாறிப் போனோம். பிசியோதெரபிஸ்ட் கிளினிக்கை மூடிவிட்டார். கணவர் எங்கள் மூவரோடும் பேசவில்லை. இரண்டாம் நாள் என்னிடம் மட்டும் ஒன்று கேட்டார்: "நீங்க எல்லாம் படிச்சவங்கதானே மேடம்?" குரலை உயர்த்தவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அளவு நின்றது. திங்கள் இறங்கியது. டயாலிசிஸ் வேண்டியிருக்கவில்லை. செவ்வாய்க்கிழமை அவர் கழிவறைக்குத் தானாக நடந்தார். புதன்கிழமை வீட்டுக்கு அனுப்பினார்கள். பல வாரங்களுக்கு எந்தப் பயிற்சியும் கூடாது, ரத்தப் பரிசோதனைக்கு வந்துபோக வேண்டும் என்று எழுதிக்கொடுத்தார்கள்.

வீடியோவை அழித்துவிடலாம் என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னார். நானும் அதையே சொன்னேன். தன் வீட்டுக் கட்டிலில் தலையணையில் சாய்ந்தபடி வரவேற்புப் பெண் எங்களைப் பார்த்தார்.

"எதுக்கு அழிக்கணும்? அதுல சொன்னது தப்பா டாக்டர்?"

"சொன்னது தப்பில்ல."

"அப்புறம் என்ன? புது சுடிதார் வேற. நான் இவ்ளோ பட்டது யாரும் பாக்காம போகணுமா? போடுங்க." பிறகு இயக்குநர் பக்கம் திரும்பி, "ஆனா தம்பி, அடுத்த படத்துக்கு வேற ஆளப் பாத்துக்க," என்றார்.

பிசியோதெரபிஸ்ட் குரலை வேறொரு நாள், சத்தமில்லாத அறையில் தனியாகப் பதிவு செய்தோம். படத்தோடு பதிவான ஒலி எதுவும் தேவைப்படவில்லை. எடிட் முடிந்ததும், எந்த டேக் போயிருக்கிறது என்று ஷீட்டில் குறிக்க இயக்குநரைக் கேட்டேன். திரையில் பார்த்துச் சொன்னார். நாற்காலிப் பகுதி முழுவதும் ஒரே ஷாட்.

முன்கோணம், முதல் டேக்.